ஒரே வேலை, இரண்டு சம்பளம்: கொழும்பு அலுவலகத்தில் இதை எப்படி எழுப்புவது

பக்கத்து மேசையில் இருக்கும் ஆண் ஊழியருக்கும் உங்களுக்கும் ஒரே பதவி, ஒரே பொறுப்பு, ஆனால் அவருடைய சம்பளம் கூட என்று தெரியவந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. தனியார் துறையில், சாதாரண அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எச்.ஆர். பக்கம் பல வருடம் இருந்தவள் என்பதால், இப்படி வந்த கடிதங்கள் மேசையின் மற்றப் பக்கத்தில் எப்படிப் படிக்கப்படுகின்றன என்று எனக்குத் தெரியும். நியாயமான கோரிக்கைகள் பலதும் விழுந்துபோனதற்குக் காரணம், கணக்குப் பார்க்காமல் கோபத்தோடு போய் நின்றதுதான்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சம பெறுமதியுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று சொல்லும் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் அதைத் தனியார் நிறுவனங்கள் மீது நேரடியாகச் சுமத்தும் தனிச் சட்டம் இங்கே இல்லை. சம்பளச் சபைகள் நிர்ணயிக்கும் ஆகக் குறைந்த சம்பளத்தில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. தோட்டங்களில் பெண்களுக்குக் குறைந்த நாட்கூலி கொடுக்கும் வழக்கம் முடிந்ததே 1984இல்தான். ஆனால் அந்த ஆகக் குறைந்த மட்டத்துக்கு மேலே, எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று வாங்கும் அலுவலக ஊழியர்களின் சம்பளம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் உங்களுடைய பலம் முதலில் கணக்கிலும் கடிதத்திலும்தான் இருக்கிறது. வெளியே முறைப்பாடு செய்யும் வழி அதற்குப் பிறகுதான் வரும்.

முதல் படி: தகவல் எப்படி வந்தது?

மற்றவரின் சம்பளம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் யோசியுங்கள். அவரே வாய்விட்டுச் சொன்னால் பிரச்சினை குறைவு. கணக்குப் பிரிவில் வேலை செய்வதால் சம்பளப் பட்டியலைப் பார்த்தீர்கள், அல்லது பிரின்டரில் கிடந்த பே ஷீட்டைப் போனில் படம் எடுத்தீர்கள் என்றால் நிலைமை வேறு. அந்தப் படத்தைக் கடிதத்தோடு இணைத்தால் சம்பள வித்தியாசம் பற்றிய பேச்சு அன்றோடு நின்றுவிடும். இரகசியத் தகவலை வெளியிட்டதாக உங்கள் மேல்தான் ஒழுக்காற்று விசாரணை வரும். படம் இருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், எந்த இடத்திலும் இணைக்காதீர்கள்.

நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். சம்பள விபரத்தை வெளியே பேசக்கூடாது என்று பல நிறுவனங்கள் அதில் ஒரு வரி போட்டிருக்கும். அது இருந்தாலும் உங்கள் சொந்தச் சம்பளத்தை மீளாய்வு செய்யச் சொல்லிக் கேட்பதை அந்த வரி தடுக்காது. கடிதத்தில் அந்த ஆணின் பெயரையும் அவருடைய சம்பளத் தொகையையும் எழுதாமல் விட்டால் போதும். நியமனக் கடிதமே தரவில்லை என்றால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடைகள், அலுவலக ஊழியர் சட்டப்படி சம்பளமும் வேலை நிபந்தனைகளும் எழுத்தில் தரப்பட வேண்டும்.

நேர்வழியில் தகவல் திரட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது. “என்னுடைய தரத்துக்கான சம்பள வீச்சு என்ன, அதில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன்?” என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இதில் யாருடைய இரகசியமும் இல்லை. பதில் வந்தால் நல்லது. அப்படி ஒரு வீச்சே இல்லை என்று பதில் வந்தாலும் அது உங்களுக்கு உதவும், சம்பளத்தை ஒவ்வொருவருக்கும் கையால் முடிவு செய்கிறார்கள் என்று அவர்களே எழுதித் தந்ததாகிவிடும்.

இரண்டாம் படி: வித்தியாசத்தை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். ஒரு எடுத்துக்காட்டோடு போகலாம். கொள்ளுப்பிட்டியில் சரக்கு ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வையுங்கள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே மாதத்தில் ஒரே பதவியில் சேர்கிறார்கள். பெண்ணின் அடிப்படைச் சம்பளம் 55,000 ரூபா, ஆணுடையது 65,000. ஏன் இந்த வித்தியாசம்? விண்ணப்பப் படிவத்தில் “கடைசியாகப் பெற்ற சம்பளம்” என்று ஒரு கட்டம் இருந்தது. முந்தைய இடத்தில் அவளுக்குக் குறைவாகக் கிடைத்தது, அதையே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். கொழும்பில் நான் பார்த்த வித்தியாசங்களில் நிறையவே இந்தக் கட்டத்தில் பிறந்தவை. குழந்தைக்காக ஓரிரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களை இது இன்னும் கூடத் தாக்கும்.

பிறகு நான்கு தடவை இருவருக்கும் சமமாகப் பத்து வீத இன்கிரிமென்ட். “எல்லாருக்கும் ஒரே வீதம்தானே கொடுத்தோம்” என்று நிறுவனம் நிம்மதியாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவளுடைய அடிப்படைச் சம்பளம் இப்போது 80,525. அவருடையது 95,166. பத்தாயிரமாக இருந்த இடைவெளி 14,641 ஆகிவிட்டது. சமமான வீதம் இடைவெளியை மூடாது, அதை வளர்க்கத்தான் செய்யும்.

அடிப்படைச் சம்பளத்தோடு கொடுப்பனவுகளையும் பாருங்கள். அவளுக்குப் போக்குவரத்துக்கு 10,000, அவருக்கு எரிபொருளுக்கு 25,000. அதோடு தொழில்முறைப் பரீட்சையை முடித்ததற்காக அவருக்கு 8,000. ஆக அவளுக்கு மாதம் 90,525, அவருக்கு 128,166. மொத்த வித்தியாசம் 37,641 ரூபா.

இந்த 37,641ஐ அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. பிரிக்க வேண்டும்.

பரீட்சைக்கான 8,000 முதல் குவியல். அதை முடிக்கும் யாருக்கும், ஆணோ பெண்ணோ, அந்தத் தொகை கிடைக்கிறது என்றால் அது நியாயமான வித்தியாசம். அதை நீங்களே ஒதுக்கி வைத்துவிடுங்கள். மற்றப் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான்.

எரிபொருளில் உள்ள 15,000 வித்தியாசம் இரண்டாவது. அவர் வாரத்தில் இரண்டு நாள் துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் சொந்த மோட்டார் சைக்கிளில் போகிறார் என்றால் அதில் ஒரு பகுதி உண்மையான செலவு. அவளும் அதே வேலைக்கு முச்சக்கர வண்டியில் போய், கைக்காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு பில் போட்டு எடுக்கிறாள் என்றால் கேள்வி எழும். இது வாதத்துக்குரிய குவியல்.

மிச்சம் அடிப்படைச் சம்பளத்தின் 14,641. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள், ஒரே வேலை, ஒரே வீதத்தில் உயர்வு. இதற்கு நிறுவனத்தின் கையில் காரணம் இல்லை. உங்கள் கடிதம் இந்த மூன்றாவது குவியலின் மேல்தான் நிற்க வேண்டும். நட்டமும் இதில்தான் ஆழம். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் இந்தத் தொகைக்கும் விழாமல் போகின்றன. 14,641க்கு அது மாதம் கிட்டத்தட்ட 2,196 ரூபா. பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

பிரசவ விடுமுறை எடுத்த வருடத்தில் அதைக் காரணம் காட்டி இன்கிரிமென்ட் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தால் அதையும் மூன்றாவது குவியலில் சேருங்கள். 84 நாள் விடுமுறை சட்டம் தந்த உரிமை. அதை எடுத்ததற்காக வேலைத்திறன் மதிப்பீட்டில் புள்ளி குறைந்திருந்தால், அந்த வருட மதிப்பீட்டுத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பதவிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அவர் “சீனியர்” என்று இருக்கலாம், நீங்கள் வெறும் “எக்ஸிகியூட்டிவ்” ஆக இருக்கலாம். ஒரு மாத வேலையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். எத்தனை கோப்பு, எந்த வாடிக்கையாளர்கள், யார் கையெழுத்து, புதியவர்களுக்கு யார் பழக்கிக் கொடுக்கிறார், லீவு எடுத்தால் யார் யாருடைய வேலையைப் பார்க்கிறார்? அவர் லீவில் போகும்போது அவருடைய வேலை முழுவதும் உங்களிடம் வந்தால், இரண்டும் ஒரே பெறுமதியுள்ள வேலை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அந்த நாட்களின் ஒப்படைப்பு மின்னஞ்சல்களைத் தேடி எடுத்துக் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: கடிதம்

நேரத்தைப் பாருங்கள். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் நிறுவனமென்றால் சம்பள வரவுசெலவு அதற்கு முன்பே தயாராகும். மார்ச் கடைசியில் கேட்டால் “பட்ஜெட் முடிஞ்சுது” என்று சொல்வார்கள். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். முதலில் உங்கள் நேரடி மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு, அன்றே அல்லது மறுநாள் கடிதத்தை அவருக்கும் எச்.ஆருக்கும் அனுப்புங்கள். மேலாளருக்கு முன்கூட்டித் தெரியாமல் போனால் அவர் உங்களுக்கு எதிராகத் திரும்புவது மனித இயல்பு.

கொழும்பில் பெரும்பாலும் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். மொழி எதுவானாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

“நான் இந்தப் பதவியில் இன்ன திகதி முதல் பணியாற்றி வருகிறேன். இதே காலத்தில் இதே பதவியில் இணைந்து இதே பொறுப்புகளைச் செய்யும் ஆண் ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது என்னுடையது கணிசமாகக் குறைவாக இருப்பதாக நான் நம்புகிறேன். கல்வித் தகைமைக்கான கொடுப்பனவை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. என் பொறுப்புகளின் பட்டியலையும் கடந்த மதிப்பீடுகளையும் இணைத்துள்ளேன். என் அடிப்படைச் சம்பளத்தை மீளாய்வு செய்து, வித்தியாசத்துக்குக் காரணம் இருந்தால் அதை எழுத்தில் அறியத் தருமாறும், காரணம் இல்லையெனில் அடுத்த சம்பள மாதத்திலிருந்து சரிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இது பற்றிப் பேச இரண்டு வாரத்துக்குள் நேரம் ஒதுக்கினால் நன்றி.”

இவ்வளவு போதும். “பாரபட்சம்”, “வழக்கு” போன்ற சொற்கள் முதல் கடிதத்தில் வேண்டாம். அவை வந்த உடனே கடிதம் எச்.ஆரிடமிருந்து சட்டத்தரணியின் மேசைக்குப் போகும், அங்கிருந்து நேரான பதில் வர மாதக் கணக்காகும். ஆனால் “ஆண் ஊழியர்கள்” என்ற சொல்லை விடவேண்டாம். அது இல்லாவிட்டால் உங்கள் கடிதம் சம்பள உயர்வு கேட்கும் சாதாரணக் கடிதமாகப் படிக்கப்பட்டு, சாதாரணப் பதிலோடு முடிந்துவிடும். ஒரு பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தையும் உங்கள் பே ஷீட்டையும் மட்டும்தான் சொல்கிறேன், அலுவலகக் கோப்புகளை அல்ல.

இதே நிலையில் இன்னும் ஒன்றிரண்டு பெண்கள் இருந்தால், சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதா, தனித்தனியாக ஒரே வாரத்தில் கொடுப்பதா என்று கேட்பார்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒவ்வொருவருடைய கணக்கும் வேறு, ஒருவருடைய பலவீனமான கணக்கு மற்றவருடையதைக் கீழே இழுக்கக்கூடாது.

கூட்டத்தில்

முதல் கேள்வி அநேகமாக “மிஸ், இது உங்களுக்கு யார் சொன்னது?” என்பதாகத்தான் இருக்கும். பதில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்: “யாருடைய பெயரையும் நான் இழுக்க விரும்பவில்லை, சேர். சம்பளப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. நான் சொல்வது பிழையென்றால் அப்படியே எழுதித் தாருங்கள்.” இதற்குப் பிறகு அவர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

“அவருக்குக் குடும்பம் இருக்கு, வீட்டு வாடகை இருக்கு” என்று சொல்வார்கள். சிலர் நல்ல மனதோடும் சொல்வார்கள். விவாதிக்க வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். வேலையோடு தொடர்பில்லாத காரணத்தை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். “அவர் சேரும்போது கூடக் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை” என்பது இன்னொன்று. அதற்கு, “சேர்ந்தபோது நடந்தது சரி, இத்தனை வருட வேலைக்குப் பிறகும் அதே இடைவெளி ஏன்?” என்று கேட்கலாம்.

கூட்டம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடந்து, நீங்கள் நினைத்ததை முழுதாகச் சொல்ல முடியாமல் போகலாம். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். யார் இருந்தார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், எந்தத் திகதிக்குள் பதில் தருவதாகச் சொன்னார்கள் என்று ஐந்தாறு வரி போதும். பிறகு இந்த விஷயம் எங்கே போனாலும், உங்கள் கையில் இருக்கும் பெறுமதியான தாள் இதுதான்.

பதில் வந்தால் அதைப் படிக்கும் விதம்

பெரும்பாலும் நேரான மறுப்பு வராது, பாதிப் பதில்தான் வரும். எடுத்துக்காட்டில், “இந்த முறை உங்களுக்கு விசேடமாக 15 வீதம் தருகிறோம், மற்றவர்களுக்கு 10தான்” என்றார்கள் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அவளுடைய 80,525 இப்போது 92,604 ஆகும், அவருடைய 95,166 ஏறத்தாழ 104,683 ஆகும். இடைவெளி 14,641இலிருந்து 12,079க்குத்தான் இறங்கியிருக்கிறது. மூட வேண்டுமென்றால் வருடாந்த உயர்வுக்கு வெளியே, தனியாக 18 வீதத்துக்குக் கொஞ்சம் மேல் தேவை. அதனால் கேட்க வேண்டியது இதுதான்: சரிசெய்யும் தொகையும் வருடாந்த இன்கிரிமென்டும் கடிதத்தில் இரண்டு தனி வரிகளாக வரவேண்டும். ஒரே தடவையில் முடியாது என்றால் இரண்டு கட்டமாகச் செய்யலாம், ஆனால் இரண்டாவது கட்டத்தின் திகதியும் தொகையும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு தடவை மட்டும் கொடுக்கும் போனஸும் சரி, புதிய “விசேட கொடுப்பனவும்” சரி, அடிப்படைச் சம்பளத்தைத் தொடாதவை. முந்தைய வருடங்களுக்கான நிலுவையையும் கேட்டுப் பார்க்கலாம். தனியார் துறையில் அது பேச்சுவார்த்தையில் கிடைத்தால் உண்டு. அதற்காக முன்னோக்கிய திருத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடிதம் கொடுத்த சில வாரத்தில் அந்த ஆணுக்குத் திடீரென்று புதிய பதவிப் பெயர் வந்தால் கவனியுங்கள். வேலை மாறாமல் பெயர் மட்டும் மாறியிருந்தால், வித்தியாசத்துக்குப் பின்னால் இருந்து காரணம் தைக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் மாறிய திகதியையும் உங்கள் கடிதத்தின் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

திருத்தம் கிடைத்த முதல் மாதத்தில் பே ஷீட்டில் அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பாருங்கள், சேமலாப நிதிக்குப் பிடிக்கும் உங்கள் 8 வீதம் புதிய தொகைக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பெருக்கிப் பாருங்கள்.

பதிலே வராவிட்டால்

முதல் கடிதத்துக்கு ஒரு மாதம் கொடுங்கள். பிறகு அதைக் குறிப்பிட்டு, பணிப்பாளர் மட்டத்துக்கு இரண்டாவது கடிதம். 1993இல் நாடு ஏற்றுக்கொண்ட சமவாயத்தை இந்தக் கடிதத்தில் சொல்லலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் நிறுவனமென்றால், அந்த வாடிக்கையாளர்களின் நன்னடத்தை விதிகளில் சம ஊதியம் பற்றி ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆடைத் தொழில், ஐ.டி., கப்பல் துறை ஆகியவற்றில் அந்த விதிகளை நிர்வாகம் கவனமாகத்தான் படிக்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களம். தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, உங்கள் வேலையிடத்துக்குரிய தொழில் அலுவலகத்திலும் கொடுக்கலாம். தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது, தயங்க வேண்டாம். நியமனக் கடிதம், பே ஷீட்டுகள், இரண்டு கடிதங்கள், கூட்டத்துக்குப் பிறகு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றிலும் பிரதி கொண்டு போங்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் வேலை நிபந்தனை பற்றிய பிணக்கும் அடங்கும், முகாமையாளர் மட்டத்தில் இருப்பவரும் அதன் கீழ் ஊழியர்தான். திணைக்களம் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசலாம். ஆனால் உங்கள் சம்பளத்தை 95,166 ஆக்கு என்று தொழில் அதிகாரி அந்த இடத்திலேயே கட்டளையிடுவார் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம். சேமலாப நிதி ஒழுங்காகப் போடவில்லை, நியமனக் கடிதம் தரவில்லை என்பவை போன்ற தெளிவான சட்ட மீறல்கள் கூடவே இருந்தால் அவற்றில் அவர்களுடைய கை பலமானது. அவற்றையும் அதே முறைப்பாட்டில் எழுதுங்கள்.

அரச ஊழியர்களுக்கு வழி வேறு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. அது அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவாகப் போகும், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு எதிராக அந்த மனு செல்லாது.

முறைப்பாடு செய்தால் வேலை போய்விடுமா என்ற பயம் நியாயமானது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 180 நாளுக்கு மேல் சேவை உள்ள ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நீக்க முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் சில இடங்களில் நீக்குவதற்குப் பதிலாக, ஒரு தாளை நீட்டி “ராஜினாமாவை எழுதிக் கொடுங்கள், நல்ல சேவைச் சான்றிதழ் தருகிறோம்” என்பார்கள். அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்திட்டால் அது உங்கள் சம்மதமாகிவிடும். அப்படியும் சேவையிலிருந்து நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் கையில் எவ்வளவு தாள் இருந்தாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது.